சாவி விளக்கு மின்னி கார் கிளம்பாதது: வீணாக வாங்கப்பட்ட 420 வெள்ளியைத் திருப்பித் தரக் கோரும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் காரை வழக்கமான சர்வீசுக்கு உங்கள் பணிமனையில் விட்டேன். என் மனைவி வைத்திருக்கும் இரண்டாவது சாவியின் உறை விரிசல் விட்டு, பொத்தான் ரப்பரும் கிழிந்திருந்ததால், அதற்குப் புது உறை போடச் சொல்லி அதையும் கவுண்டரில் கொடுத்தேன். சர்வீசின்போது காரை எடுக்க, நிறுத்த எல்லாம் உங்கள் ஆட்கள் என் சாவியைத்தான் பயன்படுத்தினார்கள். நானும் அதே சாவியால் ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். புது உறை போட்ட சாவி ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் வந்தது. அதைப் போட்டு ஒருமுறையாவது எஞ்சினைக் கிளப்பிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த வாரம் நான் வேலை விஷயமாக பாத்தாமில் இருந்தேன். என் சாவி என் பையில். மாமியாரை பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக என் மனைவி எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். பொத்தானை அழுத்தினார், கதவு திறந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினார். டாஷ்போர்டு பளிச்சென்று எரிந்தது, எஞ்சினும் வேகமாகவே சுற்றியது. ஆனால் பற்றவில்லை. மீட்டர் பக்கத்தில் சாவி வடிவ விளக்கு ஒன்று விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் எடுத்து ஓராண்டுகூட ஆகாதவர், பதறிப்போய் உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தார். விளக்கு மின்னினால் பேட்டரி இறங்கிவிட்டது என்று பொருள், எதற்கும் இன்னும் நாலைந்து முறை திருப்பிப் பாருங்கள் என்று பதில் வந்தது. இரண்டுமே தவறான பேச்சு.

அந்த விளக்கு பேட்டரி விளக்கே அல்ல, காரைத் திருட விடாமல் எஞ்சினைத் தடுத்து வைக்கும் இம்மொபிலைசர் கருவியின் விளக்கு. உங்கள் ஊழியர்கள் என் மனைவிக்குச் சொல்லியிருக்க வேண்டியதை நானே இங்கு எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் கார் மாதிரி, சாவியைத் துளையில் போட்டுத் திருப்பும் காரில், சாவியின் தலைப்பகுதிக்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கும். ஒன்று, கதவைத் திறந்து மூடும் ரிமோட் பலகை. அதற்கு நாணய பேட்டரி வேண்டும். மற்றொன்று ஒரு சிறிய கறுப்புச் சில்லு. அதற்கு பேட்டரி கிடையாது. பேருந்தில் தட்டும் ஈசி-லிங்க் அட்டை எப்படித் தன்னிடம் மின்சாரம் இல்லாமலே வேலை செய்கிறதோ, அப்படித்தான் இதுவும். சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் அனுப்பும் அலையிலிருந்தே சில்லு சக்தி பெற்று, தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கார் தன் நினைவில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிடுகிறது. பொருந்தினால் சாவி விளக்கு ஓரிரு வினாடி எரிந்து அணைந்துவிடும். பொருந்தாவிட்டாலோ, பதிலே வராவிட்டாலோ விளக்கு மின்னும், எஞ்சின் கணினி பெட்ரோலைத் திறந்து விடாது. ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பற்றாதது அதனால்தான். (சில கார்களில் ஸ்டார்ட்டரே சுற்றாது. சிலவற்றில் எஞ்சின் பற்றி, உடனே அணைந்துவிடும். பூட்டி நிறுத்திய காரில் மெதுவாக மின்னுவது வெறும் காவல் விளக்கு, அது கோளாறு இல்லை.)

கதவு திறந்ததை வைத்துச் சாவி நன்றாகத்தான் இருக்கிறது என்று உங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள். ரிமோட் வேலை செய்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

கார் பேட்டரி அறவே இறங்கினாலும் சில கார்களில் இந்த விளக்கு தாறுமாறாக மின்னும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போது டாஷ்போர்டு மங்கும், ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், அல்லது 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வரும். இங்கே இது எதுவுமில்லை. நீங்கள் அனுப்பிய மெக்கானிக் அளந்து பார்த்துக் கொடுத்த சீட்டு என் கையில் இருக்கிறது. 12.6 வோல்ட், 'நல்ல நிலை' என்று அச்சாகியிருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி காட்டும் அளவு அது. அதைப் படித்த கையாலேயே 220 வெள்ளிக்குப் புது பேட்டரி மாட்டியிருக்கிறார். அப்புறமும் கார் கிளம்பவில்லை. இழுத்துப் போக 120, பரிசோதனைக்கு 80. கடைசியில் இம்மொபிலைசர் பெட்டி போய்விட்டது, மாற்ற 1,480 வெள்ளி ஆகும் என்று ஒரு விலைச்சீட்டு.

முதல் கேள்வியாக எவரும் கேட்டிருக்க வேண்டியது, வேறு சாவி இருக்கிறதா என்பதுதான். ஊர் திரும்பியதும் நேராகப் பணிமனைக்கு வந்து உங்கள் சேவை ஆலோசகர் கண்முன்னே என் சாவியைப் போட்டேன். விளக்கு அணைந்தது, எஞ்சின் உடனே பற்றியது. மனைவியின் சாவியைப் போட்டேன், விளக்கு மறுபடி மின்னியது. பெட்டியோ சுருளோ பழுதாகியிருந்தால் என் சாவிக்கும் கார் கிளம்பியிருக்கக் கூடாது. ஆலோசகர் அதற்கும் அசரவில்லை. "சில நேரம் தானா சரியாகும் சார், பெட்டியை மாத்திடறது நல்லது" என்றார்.

பேட்டரி பணத்தையும் மற்ற கட்டணங்களையும் கட்டி காரை எடுத்துக்கொண்டு தேக்காவில் ஒரு சாவிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் உறையை நகத்தால் நெம்பிப் பிரித்தார். ரிமோட் பலகை பத்திரமாக இருந்தது. அதன் பக்கத்தில் சில்லு உட்கார வேண்டிய சின்னப் பள்ளம் காலியாகக் கிடந்தது. பழைய உறையில் சில்லு தனியாக ஒட்டியிருக்கும், பலகையை மட்டும் எடுத்து மாற்றிவிட்டு உறையை வீசியிருப்பார்கள், இது அடிக்கடி நடப்பதுதான் என்றார். பழைய உறை இருந்திருந்தால் சில்லைப் பெயர்த்து வைப்பதோடு வேலை முடிந்திருக்கும், காரில் எதையும் பதிய வேண்டியதே இல்லை. அது குப்பைக்குப் போய்விட்டதால் இப்போது புதுச் சில்லு வைத்து அதைக் காரில் பதிய வேண்டும்.

பேட்டரி, இழுவை, பரிசோதனை மூன்றுக்கும் நான் கட்டிய 420 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். புதுப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு என் பழையதை மாட்டிக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மனைவியின் சாவிக்குப் புதுச் சில்லு வைத்துப் பதியும் செலவும் உங்களுடையது. பதியும்போது காரின் நினைவிலுள்ள பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு, கையில் இருக்கும் இரண்டு சாவிகளை மட்டும் பதிய வேண்டும். நீங்கள் தொலைத்த சில்லை என் கார் இன்னமும் ஏற்றுக்கொள்ளும், அது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தேவையில்லாத பாகத்தைத் தேவை என்று சொல்லி விற்பது சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டப்படி நியாயமற்ற செயல். 14 நாளில் எழுத்துவழிப் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடமும் போவேன். வோல்ட் சீட்டு, ரசீதுகள், 1,480 வெள்ளி விலைச்சீட்டு, பிரித்த சாவியின் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். திறந்த சாவியை அப்படியே ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்ப அதிகாரி பார்க்க விரும்பினால் சனிக்கிழமை காலையில் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர், ஈசூன்