கழுவினால் கரைந்துபோகுமா ஜிகினா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அழகுக்குறிப்புப் பக்கத்தில், விழாக்கால ஒப்பனை பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில், "இப்போது கிடைக்கும் ஜிகினாத்தூள்கள் இயற்கையில் கரைந்துவிடுபவை, கவலையின்றிப் பூசிக்கொள்ளலாம், தண்ணீரில் கழுவிவிடலாம்" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தது. இருபத்துமூன்று ஆண்டுகளாக நாடகக் குழு ஒன்றில் ஒப்பனைப் பணி செய்துவருபவள் நான். அந்த ஆண்டுகளில் நான் கழுவிவிட்ட ஜிகினாவின் அளவு கட்டுரையாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் அதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

கரைவது வேறு, கண்ணில் படாமல் போவது வேறு. இது தாங்கள் அறியாததல்ல. சர்க்கரை கரைகிறது, உப்பு கரைகிறது. ஜிகினா வடிகாலுக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். வழக்கமான ஜிகினா என்பது பாலிஎத்திலீன் டெரிப்தாலேட் என்னும் நெகிழியின் மெல்லிய படலம். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பொருள். அதன்மேல் ஆவியாக்கிய அலுமினியத்தைப் பூசி, நிறப்பூச்சு ஏற்றி, இயந்திரத்தால் அறுகோணத் துணுக்குகளாக வெட்டுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸின் அடியில் வைத்தால் ஒரே அளவான அறுகோணங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒருநாள் காட்சி முடிந்து பதினான்கு நடிகர்களின் முகத்தைக் கழுவியபோது, முகம் கழுவும் தொட்டியின் வாயில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவைத்தேன். மறுநாள் காய்ந்த துணியில் ஒட்டியிருந்த பளபளப்பைப் பார்த்துச் சிறு பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கோ, துணி கட்டாத மற்ற இரவுகள்தான் நினைவுக்கு வந்தன.

இந்தப் பொருளில் தங்களுக்கு நான் எழுதுவது இது முதல்முறையன்று. முகத்தேய்ப்பான்களில் இருந்த நெகிழி நுண்மணிகளைப் பற்றி முன்பு எழுதிய கடிதம் நான்கு வரிகளாகச் சுருக்கப்பட்டு, "வாசகி கவலை" என்ற தலைப்பில், ஒரு முகத்தேய்ப்பான் விளம்பரத்தின் பக்கத்திலேயே வெளியானது. அந்த விளம்பரத்தின் இடவசதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் வெட்டப்பட்ட பகுதிதான் இப்போதும் தேவைப்படுகிறது என்பதால் மறுபடி எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, 5 மில்லி முகத்தேய்ப்பானை ஒருமுறை பயன்படுத்தினால், அந்தந்தத் தயாரிப்பைப் பொறுத்து, 4,594 முதல் 94,500 வரையிலான நுண்மணிகள் வடிகாலுக்குப் போகலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பிடித்ததை எங்கே வைக்கிறது? சேற்றில். அந்தச் சேற்றை உரமாக வயலில் கொட்டும் இடங்கள் உண்டு. பிடிபடாமல் போகும் சிறுபங்கு ஆற்றுக்கு. தோலின் அழுக்கைத் தேய்த்தெடுக்க அரை நிமிடம் உழைக்கும் ஒரு மணி, அதன்பின் எத்தனை காலம் இருக்கும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது.

அதே 2015 டிசம்பரில் அமெரிக்காவில் நுண்மணித் தடைச் சட்டம் கையெழுத்தானது. 2017 ஜூலையிலிருந்து அத்தகைய பொருள்களின் உற்பத்தி தடைசெய்யப்பட்டது. பற்பசையும் அதில் அடக்கம். பலர் இதோடு கதை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள். சட்டத்தின் வரையறையை ஒருமுறை படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான திட நெகிழித் துகள், அதுவும் கழுவிவிடும் பொருளில் உடலைத் தேய்க்கவோ சுத்தப்படுத்தவோ சேர்க்கப்பட்டது என்பதே அந்த வரையறை. ஜிகினா தேய்ப்பதற்கன்று, மின்னுவதற்கு. ஆகவே அது சட்டத்தின் கதவு திறந்திருக்க, வீட்டுக்காரரைப் போல உள்ளே நடந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சற்றுப் பரந்த வலை வீசியது. 2023 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்த அதன் விதி, தனித்தூளாக விற்கும் நெகிழி ஜிகினாவை உடனடியாகத் தடுத்தது. ஆனால் முக, உதட்டு, நக ஒப்பனைப் பொருள்களுக்குள் கலந்த துகள்களுக்கு 2035 வரை அவகாசம் தந்தது. இந்தச் சட்டங்கள் தெரிந்த ஒருவர் "இப்போது கிடைப்பவை எல்லாம்" என்று எழுதத் துணியமாட்டார்.

சரி, மட்கும் ஜிகினா என்று ஒன்று உண்டுதானே என்று தங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். உண்டு. அதை நான் காசு கொடுத்து வாங்கியே பார்த்தேன். டப்பாவின் மேல் ஓர் இலைப் படமும், "முழுதும் மட்கும்" என்ற வாசகமும் இருந்தன. லென்ஸில் பார்த்தால் அதே அறுகோணங்கள். நகத்தால் அழுத்தினால் மடங்குகிறதே தவிரத் தூளாகவில்லை. எந்தப் பொருள், எந்தச் சோதனை என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டாவது நினைவூட்டலுக்குப் பின் பதில் வந்தது: தொழிற்சாலை உரமாக்கும் தரத்தின்படி சான்று பெற்றதாம். அந்தத் தரச் சோதனை ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நுண்ணுயிர்கள் நிறைந்த உரக்குவியலில் நடப்பது. குளிர்ந்த ஆற்றிலும் கடலிலும் அந்தச் சூடு ஏது? ஜிகினா பூசியவர்கள் உரத்தொழிற்சாலைக்குப் போய் முகம் கழுவுவதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

இதைவிட நல்ல வகையும் இருக்கிறது, மறைக்கவில்லை. மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் படலத்தில் செய்த ஜிகினா அது. ஆனால் பளபளப்புக்காக அதன்மேலும் அலுமினியம் பூசி, அதற்கு மேல் மெல்லிய நெகிழிப் பூச்சு ஏற்றும் தயாரிப்புகள் உண்டு. ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆற்றுநீர்த் தொட்டிகளில் 36 நாட்கள் ஜிகினா இருந்தபோது நீரில் மிதக்கும் வாத்துக்களை என்னும் சிறு செடியின் வேர்நீளம் பாதியாகக் குறைந்தது; நீரிலிருந்த பச்சையமும் குறைந்தது. அந்த விளைவு நெகிழி ஜிகினாவுக்கு மட்டும் உரியதாக இல்லை. செல்லுலோஸ் வகை போட்ட தொட்டிகளில் வெளியூர் நத்தை இனம் ஒன்று பெருகியிருந்தது. நல்ல பொருள் என்பதற்காகக் கைநிறைய அள்ளிக் கழுவிவிடலாம் என்று ஆகிவிடாது. அலுமினியமோ சாயமோ இல்லாமல், செல்லுலோஸ் நுண்படிகங்களின் அடுக்கமைப்பாலேயே நிறம் காட்டும் ஜிகினாவைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021-இல் செய்துகாட்டினார்கள். எனக்கு நம்பிக்கை தரும் வழி அதுதான்.

இன்றைக்கு என் பெட்டியில் இருப்பது மைக்காத்தூள். அது நெகிழியன்று, கனிமம். இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்தால் நொறுங்கும். லென்ஸில் பார்த்தால் ஒழுங்கற்ற செதில்களாகத் தெரியும். நெகிழி ஜிகினா அளவுக்குப் பெரிய பொறிகளாக மின்னாது, மெல்லிய பட்டுப்பளபளப்புத்தான் தரும். மேடையின் பின்வரிசையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சற்று மங்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். இயற்கை மைக்காச் சுரங்கங்களில் குழந்தைகள் உழைக்கும் அவலம் இருப்பதால், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் செயற்கை மைக்காவையே நான் தேடி வாங்குகிறேன். இங்கேதான் வாசகர்கள் ஏமாறுகிறார்கள். உட்பொருள் பட்டியலில் அந்தச் செயற்கை மைக்காவைக் குறிக்கும் "செயற்கை ஃப்ளோர்ஃப்ளோகோபைட்" என்ற பெயரைக் கண்டு பயந்து ஒதுக்கிவிட்டு, "பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்" இருக்கும் பளபளப்பை எடுத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னது கனிமம், பின்னது நெகிழி.

முகத்தேய்ப்பானுக்கும் ஒரு வீட்டுச் சோதனை உண்டு. முன்பு வெட்டப்பட்ட பகுதி இதுதான். ஒரு தேக்கரண்டித் தேய்ப்பானை ஒரு குவளை வெந்நீரில் நன்றாகக் கலக்கி, வெள்ளைப் பருத்தித் துணியில் வடிகட்டவும். சர்க்கரையும் உப்பும் துணியில் நிற்காமல் கரைந்து போய்விடும். நிற்கும் மணிகளைக் கொதிநீரில் போட்டால், ஜோஜோபா மெழுகு மணிகள் சுமார் 70 டிகிரியிலேயே உருகி எண்ணெய்ப் படலமாகும். பாதாம், அக்ரூட் ஓட்டுத்தூளும் படிகக்கல் தூளும் அடியில் படியும். உருகாமல் உருண்டையாகவே மேலே மிதப்பது அனேகமாகப் பாலிஎத்திலீன். இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. மெழுகு போன்ற தாழ்தரப் பாலிஎத்திலீன் சில கொதிநீரிலேயே உருகிவிடும். ஆகவே மிதந்தால் சந்தேகம் வலுக்கும் என்று கொள்ளலாமே தவிர, உருகியதற்காக நற்சான்று தர முடியாது. உட்பொருள் பட்டியலையும் படித்தே ஆகவேண்டும். ஓட்டுத்தூளின் கூர்முனைகள் மென்மையான சருமத்தைக் கீறக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நானும் தங்கள் கட்டுரையாளரைப் போல எழுதியவளாவேன்.

முகத்தில் பூசிய ஜிகினாவை நீக்க, எங்கள் குழுவில் இப்போது முதலில் தண்ணீரைத் தொடுவதில்லை. எண்ணெய் தோய்த்த பஞ்சால் ஒரே திசையில் துடைத்து, அந்தப் பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் பிறகுதான் முகம் கழுவுகிறோம். ஒரு துகளும் தப்புவதில்லை என்று சொல்லமாட்டேன். தொட்டியில் கட்டிய துணி முன்பிருந்ததைவிட வெளிறித் தெரிகிறது.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம், அந்த வாக்கியம் வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியாக வேண்டும். இனி "மட்கும்" என்ற சொல் தங்கள் பக்கங்களில் வரும்போது, எந்தப் பொருள், எந்தச் சூழலில், எந்தச் சோதனைப்படி என்பதையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கிப் போட வேண்டும். இடம் போதாது என்றால் முதல் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். சோதனைப் பத்தியை மட்டும் இம்முறை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடக ஒப்பனைக் கலைஞர்
(பெயரை வெளியிட வேண்டாம்)