பாசனப் படத்தை எங்கள் சிற்றேட்டில் அச்சிட அனுமதி கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கும் படத்தை எடுத்த கலைஞருக்கும்,

வணக்கம். நாங்கள் பாசனப் பம்பு தயாரிக்கும் சிறு நிறுவனத்தினர். உங்கள் பாசனச் சிறப்பிதழில் வெளியான, வாய்க்கால் ஓரம் மண்வெட்டியுடன் நிற்கும் உழவரின் படத்தை எங்கள் விளக்கச் சிற்றேட்டில் ஒரு முறை அச்சிட அனுமதி வேண்டுகிறோம். படத்தின் கீழ் எடுத்தவர் பெயர் காணப்படாததால், உரிமை இதழிடம் இருக்கிறதா, ஒரு முறை வெளியிட மட்டும் இசைந்து கலைஞரே அதை வைத்திருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனாலேயே இருதரப்பாருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறோம்.

சிற்றேடு ஏ4 அளவில் 8 பக்கங்கள் கொண்டது. 2,000 படிகள் அச்சாகி விலையின்றி வழங்கப்படும். படம் அட்டையில் வராது. 3ஆம் பக்கத்தின் மேற்பகுதியில், 12 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமுமாக, வெட்டாமல், இடவலம் மாற்றாமல், மேலே எழுத்தோ எங்கள் சின்னமோ பதியாமல் இடம்பெறும். எடுத்தவர் பெயரும் இதழின் பெயரும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒதுங்காமல் படத்தின் அடியிலேயே இருக்கும். இணையத்தில் உள்ள படம் 600 பிக்சல் அகலமே உடையது; இந்த அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 127 பிக்சல்தான் கிடைக்கும், முகம் மங்கிவிடும். அங்குலத்துக்கு 300 வேண்டுமென்றால் அகலம் 1,417 பிக்சலாவது இருக்க வேண்டும் என்பதால், அனுமதி கிடைத்தால் மூலக் கோப்பையும் கேட்போம். அச்சு மையில் பச்சை நிறம் சற்று மாறக்கூடும். ஆகவே அச்சேற்றும் முன் மாதிரிப் பக்கத்தை அனுப்பி உங்கள் ஒப்புதலைப் பெறுவோம்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. கட்டுரையோடு வந்தபோது அப்படம் செய்தி; பம்பின் விலைப்பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் வந்தால் அது விளம்பரம். வாய்க்காலில் ஓடும் நீர் எங்கள் பம்பு இறைத்தது என்றும், அந்த உழவர் எங்கள் பம்பைப் பரிந்துரைக்கிறார் என்றும் படிப்பவர் எண்ணக்கூடும். இரண்டும் உண்மையல்ல. எனவே, "இப்படத்தில் உள்ளவருக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை" என்று படவிளக்கத்திலேயே சொல்வோம். ஆனால் அவர் முகம் தெளிவாகத் தெரிவதால் அந்த வரி மட்டும் போதாது. உங்கள் அனுமதி அவருடைய இசைவுக்கு ஈடாகவும் ஆகாது. விளம்பரப் பயன்பாட்டுக்கு அவர் எழுத்தில் இசைந்த படிவம் உங்களிடம் உண்டா எனத் தெரிவிக்க வேண்டுகிறோம். இல்லையென்றால், உங்கள் வழியாக அவரிடம் கேட்க ஆயத்தமாக இருக்கிறோம். அவர் மறுத்தால் படம் வேண்டாம்.

நாங்கள் கேட்பது இந்த ஒரு பதிப்புக்கு மட்டுமே. மறுபதிப்புக்கும், சிற்றேட்டை இணையத்தில் ஏற்றுவதற்கும் தனியே கேட்போம். கட்டணத்தையும் நிபந்தனைகளையும், அனுமதி வழங்க உரியவர் யார் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். மறுமொழி வராவிட்டால் அதை இசைவாகக் கொள்ள மாட்டோம். அந்த இடத்தில் பம்பின் கோட்டுப்படத்தை அச்சிடுவோம்.

இப்படிக்கு,
சிற்றேட்டுத் தயாரிப்புப் பொறுப்பாளர்