ஐந்தொகை சரியா என்று பார்த்துச் சொல்

கண்டனூர்
கார்த்திகை

அன்புள்ள சொக்கு,

ஆடியில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் பேரனுக்குப் பல் முளைத்த சேதி இங்கே ஊர் முழுக்கத் தெரியும், நீயே போன் போட்டுச் சொல்லிவிட்டாயாமே.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நம் டிரஸ்ட் வெப்சைட்டைப் புதுசாகப் போடுகிறோம். போன முகூர்த்தத்தில் தேவகோட்டைக் கல்யாணத்துக்குச் சென்னைப் பெரியவர் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்து இலை. பாயசம் வரும்போது கேட்டார்: "தம்பி, 2024-25ல வரவு 3,80,000, செலவு 3,10,000னு போட்டிருக்கீக. மிச்சம் 70,000 எங்கப்பா?"

எங்கேயும் போகவில்லை. ஆனால் போன நிர்வாகத்தில் ஆரம்பித்த அந்தப் பழைய பக்கத்தில் மொத்த வரவு, மொத்தச் செலவு என்று இரண்டே வரிதான் இருக்கும். மற்றதெல்லாம் குத்துவிளக்கு ஏற்றும் போட்டோ, பொன்னாடை போட்டோ. அதைப் பார்ப்பவர் அப்படித்தான் கேட்பார். கேட்பதே மரியாதை. கேட்காமல் அடுத்த வருஷம் பணத்தை நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேரோ, அதுதான் எனக்குக் கவலை.

அன்று ராத்திரியே ஆடிட்டர் கொடுத்த கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வருஷ ஆரம்பத்தில் கையிருப்பு 25,000. வரவு 3,80,000. செலவு 3,10,000. ஆக மார்ச் 31 அன்று இருப்பு 95,000. பாங்கில் 92,500, ரொக்கமாக 2,500. கணக்கு நேராக நிற்கிறது. ஆனால் இந்த 95,000ம் நாம் இஷ்டத்துக்குச் செலவழிக்கிற பணம் இல்லை. ஊருணி தூர்வார என்றே 1,20,000 வந்தது. பொக்லைன் வாடகை 68,000, மண் அடித்த டிராக்டருக்கு 22,000, ஆக 90,000 ஆனது. மீதி 30,000 ஊருணிப் பணம். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சரிசெய்ய அது வேண்டும், வேறு எதற்கும் தொடக்கூடாது. அடுத்து, ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட பிப்ரவரியிலேயே வசூலான 40,000. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பெரியவர் கேட்ட 70,000. பொது நிதி என்று நம் கையில் இருந்தது வெறும் 25,000.

புதுப் பக்கத்தில் இதை அப்படியே போடப்போகிறோம். முதலில் ஆரம்ப இருப்பு, பிறகு வரவு, செலவு, கடைசி இருப்பு. அந்தக் கடைசி இருப்புக்குக் கீழேயே அது எந்தெந்தக் காரியத்துக்கு உரிய பணம் என்ற பிரிவு. இந்த வருஷக் கடைசி இருப்பும் அடுத்த வருஷ ஆரம்ப இருப்பும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். படித்தவர், படிக்காதவர் யாரும் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடக்கூடிய சோதனை அது. அதனால் மூன்று வருஷக் கணக்கைப் பக்கம் பக்கமாக வைக்கிறோம். எண் மாறியிருந்தால் கேள்வி கேட்கலாம்.

ரங்கூனிலிருந்து ஏஜெண்டு அனுப்பும் ஐந்தொகையை வைத்துக்கொண்டு உன் ஐயா முகப்பில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்த கதையை நீதானே சொல்வாய்? கடல் தாண்டி இருக்கும் பணத்தை ஒருவர் நம்பியது அந்தத் தாளை வைத்துத்தான். பணம் கொடுத்தவருக்கு நாமும் அப்படி ஒரு தாள் தர வேண்டும்.

இன்னொன்று. ஒருவர் மார்ச் 28 தேதி போட்டு 10,000க்குச் செக் அனுப்பினார். பாங்கில் வரவானது ஏப்ரல் 4. ஆகவே அது அடுத்த வருஷ வரவில் ஏறியது. அவர் 2024-25 பட்டியலில் தேடிவிட்டு, காணோம் என்று மனசு கசந்திருக்கிறார். இனிமேல் ரசீது எண், தொகை, பாங்கில் வரவான தேதி, எந்தக் காரியத்துக்கு என்று நாலு பத்தி வைத்து மாதாமாதம் பட்டியல் ஏறும். பெயர் போட வேண்டாம் என்பதில் வாத்தியார் உறுதியாக இருக்கிறார், எனக்கும் அதுதான் சரி. ரசீது கையில் இருப்பவருக்குத் தன் வரி தெரியும். பான் எண், விலாசம் எதுவும் வெளியே போகாது. ஃபீஸ் வாங்கும் பிள்ளைகள் முகமும் போடுவதில்லை. பள்ளிக்கூடம் தந்த ஃபீஸ் ரசீதில் பெயரை மறைத்துப் போட்டால் போதும்.

ஆடிட் அறிக்கையை வாத்தியார் சுருக்கிப் போடலாம் என்றார். நான் முழுசாகவே போடச் சொன்னேன். அதில் ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழே யூடிஐஎன் என்று 18 இலக்க எண் இருக்கும். udin.icai.org போய் அந்த எண்ணைக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு அந்த ஆடிட்டர் உண்மையிலேயே எண் வாங்கியிருக்கிறாரா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். நாம் நல்லவர்கள் என்று பத்துப் பாரா எழுதுவதைவிட அந்த ஒரு எண் மேல். ஆனால் ஒன்று, அது தாள் போலி இல்லை என்று காட்டும், அவ்வளவுதான். ஊருணிக்கு நிஜமாகவே பொக்லைன் வந்ததா என்பதற்கு வாடகை பில்லும், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படமும்தான் சாட்சி. அதையும் செலவு வரிக்குப் பக்கத்திலேயே சேர்க்கிறோம்.

இப்போது பெரிய தலைவலி. உன் பினாங்கு மச்சான் ஊருணிக்குப் பணம் அனுப்புகிறேன் என்று மறுபடி சொல்கிறார். நல்ல மனசு, எனக்கும் தெரியும். ஆனால் அவர் கையில் இருப்பது மலேசியா பாஸ்போர்ட். சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். ரூபாயாகவே கொடுத்தாலும், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ கார்டு இருந்தாலும் அதேதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் நம் டிரஸ்ட் அதில் ஒரு பைசா வாங்கக்கூடாது. பதிவு வாங்க, மூன்று வருஷத்தில் குறைந்தது 15 லட்சம் நற்காரியத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். நம் வரவு செலவில் அது எட்டாது. துபாயில் வேலை பார்க்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்காரன், தன் சம்பாத்தியத்தை பாங்கு வழியாக அனுப்பினால் தாராளமாக வாங்கலாம். நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் மலேசியா, சிங்கப்பூர் குடிமகனாக இருக்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பாங்கு விவரத்தை மட்டும் போடுவது ஆபத்து. ஆகவே கணக்கு எண்ணுக்கும் கியூஆர் கோடுக்கும் மேலேயே, "இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும்" என்று பெரிய எழுத்தில் வருகிறது.

மச்சானிடம் இதை நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பணம் வேண்டாமென்று முகத்தில் அடித்ததுபோல எடுத்துக்கொள்வார். பொங்கலுக்கு வரும்போது ஊருணியை வந்து பார்க்கச் சொல், வரத்துக்கால் வேலையில் எங்கே கோளாறு என்று அவருக்குத்தான் கண் போகும்.

மாதிரிப் பக்கத்தின் லிங்க்கை உன் வாட்ஸாப்புக்கு அனுப்பியிருக்கிறேன். நாற்பது வருஷம் பாங்கில் எண்ணைப் பார்த்த கண் உனக்கு. ஜூலையில் நீ கொடுத்த 5,000ஐ யாரையும் கேட்காமல் அதில் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் எந்த இடத்தில் முட்டிக்கொண்டாய் என்று எழுது. தை பிறப்பதற்குள் திருத்திவிடுகிறோம்.

அன்புடன்,
ராமு

பி.கு. அந்த 5,000க்கு ரசீது உன் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. புது விலாசம் அனுப்பு.