கதவச் சாத்து, கதவைச் சாத்து

அனுப்பானடி, மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் பேரனின் நோட்டுப் பக்கங்களும் வந்து சேர்ந்தன. மகளுக்குப் பெரியகுளத்துக்கே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். பேரன் இனி உன் கண் முன்னாலேயே வளர்வான். இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சாயங்காலம் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் அன்றைக்கு அது போதும் என்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு டிஸ்லெக்ஸியா என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வாசிப்பு மெல்லத் தேறி வருகிறது, ஆனால் தமிழ் இலக்கணத்தில் மட்டும் ஒன்றும் நிற்பதில்லை என்று எழுதியிருந்தாய். நோட்டைப் பார்த்தேன். ‘கதவ சாத்தினான்’, ‘அவன பார்த்தேன்’, ‘மழைப் பெய்தது’. மூன்றிலும் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் ‘சந்திப்பிழை’. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பத்து வயசுப் பையன் என்ன செய்வான்? எட்டு வேற்றுமையையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுக்காதே. இப்போதைக்கு இரண்டாம் வேற்றுமை, அந்த ஐ ஒன்று போதும். அவன் பிழைகளில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இந்த ஐ ஒரு கள்ளப்பயல் உருபு. காதுக்கும் சிக்காது, கண்ணுக்கும் சிக்காது. நாம் பேசும்போது ‘கதவச் சாத்து’, ‘அவனப் பாரு’ என்றுதான் சொல்கிறோம். ஐ அங்கே அகரமாகத் தேய்ந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாசித்து வாசித்து எழுத்து வடிவத்தைக் கண்ணில் பதித்துக்கொள்கிறார்கள். உன் பேரனைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்தப் பதிவு லேசில் விழாது. அதனால் காதில் கேட்டதை அப்படியே எழுதுகிறான். ஆக, ‘கதவ’ என்று எழுதுவது கவனக்குறைவு இல்லை. அவன் கேட்டதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

கண் விஷயம் இன்னும் வேடிக்கை. உருபு சொல்லின் கடைசியில் வரும் என்று சொல்லித் தருகிறோம். ஆனால் ‘அவனை’ என்று எழுதினால் அந்த ஐகாரக் குறி ‘ன’வுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. எதிர் வீட்டுப் பெண் ஒன்று, ஆறாம் வகுப்பு, இதே சிக்கலோடு என்னிடம் வருகிறாள். அவன் என்பதை நீலத்திலும் ஐயை ஆரஞ்சிலும் எழுதிக் காட்டினேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, “தாத்தா, ஐ கடைசியில வரும்னீங்க, நடுவுலல்ல இருக்கு” என்றாள். சரியான கேள்வி. பெயருக்கு ஒரு வண்ணம், உருபுக்கு ஒரு வண்ணம் என்று தீட்டினால் மட்டும் நம் எழுத்தில் வேலை முடியாது.

அதற்கு ஓர் அட்டை செய்தேன். சார்ட் அட்டையை வெட்டி, ‘அவ’ ஒரு துண்டு, ‘ன்’ ஒரு துண்டு, ‘ஐ’ ஒரு துண்டு. முதல் இரண்டும் நீலம், ஐ ஆரஞ்சு. ‘ன்’ துண்டின் பின்பக்கத்தில் ‘னை’. அதில் ‘ன’ நீலம், குறி மட்டும் ஆரஞ்சு. ஐ துண்டைக் கொண்டுவந்து ‘ன்’னைத் தொட வைத்ததும் அந்த ‘ன்’னைப் புரட்ட வேண்டும், ஐ துண்டை எடுத்துவிட வேண்டும். கடைசியில் வந்த ஐ, புரட்டியதும் முன்னால் தாவிவிட்டதை அவள் கையாலேயே செய்து பார்க்கிறாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

வண்ணத்தில் சிவப்பு வேண்டாம். சிவப்பு என்றாலே தப்பு என்று நோட்டு அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சில ஆண் பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்பதையும் மனசில் வை. நீலமும் ஆரஞ்சும் போதும், அதற்கு மேல் போனால் வண்ணத்தையே தனிப் பாடமாகப் படிக்க வேண்டிவரும். இன்னொன்று, வண்ணக் கண்ணாடி போட்டால், வண்ண பிளாஸ்டிக் தாளைப் பக்கத்தின் மேல் வைத்தால் டிஸ்லெக்ஸியா சரியாகும் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதே. அதற்கு உறுதியான சான்று கிடையாது. இங்கே வண்ணத்துக்கு ஒரே வேலைதான்: சொல்லில் எந்தத் துண்டு பெயர், எது உருபு என்று காட்டுவது.

ஆரம்பத்தில் மெய்யில் முடியும் சொற்களை மட்டும் எடு. அவன், பால், மீன், தேன். ‘கால்’ வேண்டாம், காலை என்றால் பொழுது விடிந்துவிடும்! இவை பழகியபின் கதவு, வீடு போன்றவை. ‘தோசை’ அதற்கும் பிறகு. ‘மரம்’ மரத்தை ஆவது வேறு கதை, அதை இப்போது தொடாதே.

தினமும் பத்து நிமிடம், ஒரே வரிசையில். முதலில் பேச்சில் சொல்: “கதவச் சாத்து.” அவனும் சொல்லட்டும். உடனே கேள்வி: “எதை?” அவன் “கதவை” என்று ஐ தெளிவாக விழும்படி சொல்ல வேண்டும். அடுத்து அட்டையைக் கூட்டிப் புரட்ட வேண்டும். பிறகு எவர்சில்வர் தாம்பாளத்தில் கொஞ்சம் ரவையைப் பரப்பி, விரலால் பெரிதாக எழுத வேண்டும். வாய் சொல்லச் சொல்லக் கை எழுத வேண்டும். ‘வை’ எழுதும்போது கை முதலில் குறியைப் போடும், பிறகுதான் ‘வ’. அதனால் எழுத்துக்கூட்டிச் சொல்ல விடாதே, ‘வை...’ என்று ஒரே ஒலியாக இழுத்துக்கொண்டே இரண்டையும் போடட்டும். கடைசியில் நோட்டில் ஒரே ஒரு வாக்கியம். நீ எழுதிக் காட்டும்போது ஒன்று கவனி: லை, ளை, னை, ணை எல்லாம் நாம் படித்த காலத்தில் முன்னால் யானைத் துதிக்கை போன்ற சுழி வைத்தவை. 1978இல் சீர்திருத்தம் வந்தபின்தான் இன்றைய வடிவம். உன் கை இன்னும் துதிக்கை போடுகிறதா என்று பார்த்துக்கொள். உன் கடிதத்தில் நிறையப் பார்த்தேன்!

பார்ப்பது, கேட்பது, சொல்வது, எழுதுவது நாலையும் ஒன்றாகப் பிணைக்கும் இந்த முறை 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்ஹாம் அம்மையாரும் வகுத்த வழியில் வந்தது. ரவைத் தட்டு தனியாக எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. படிப்படியாக, நேரடியாக, ஒலியோடு சேர்த்துச் சொல்லித் தருவதற்குத்தான் பலமான ஆதாரம் இருக்கிறது. அதனால் ரவை தீர்ந்துபோன நாளில் பாடத்தை நிறுத்தாதே, மேஜை மேல் விரலால் எழுதினாலும் போதும்.

இப்போது சந்தி. ‘இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வருமிடத்து வல்லினம் மிகும்’ என்பதைத் தூக்கி வைத்துவிடு. அந்த வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் முன்பகுதி மனசிலிருந்து போய்விடும். அட்டையில் இரண்டே வரி எழுதி ஒட்டு:

எதை? யாரை? — ஐ போடு.
அடுத்து க ச த ப — ஒற்று போடு.

இந்த இரண்டாம் வரிக்குக் காது உதவும். பேச்சில் ஐ தேய்ந்தாலும் ஒற்று தேய்வதில்லை. ‘அவனப் பாரு’ என்று சொல்லிப் பார், ‘ப்’ வருமிடத்தில் உதடு மூடி ஒரு கணம் நிற்கிறது. அந்த நிற்கும் நேரத்தில் அவன் உள்ளங்கையை மேஜையில் அழுத்தி வைக்கட்டும், திறக்கும்போது எடுக்கட்டும். ‘கதவச் சாத்து’, ‘வண்டியத் தள்ளு’, ‘தண்ணியக் குடி’ என்று நாலு வல்லினத்துக்கும் செய்யச் சொல். ஒற்று எங்கே என்று அவன் யோசிக்கவே வேண்டாம், கை நின்ற இடத்தில் போட வேண்டியதுதான்.

ஆனால் காதை மட்டும் நம்பினால் வம்பு. எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள் ‘அந்தைப் பையன்’ என்று எழுதி வந்தாள். அவள் கணக்கில் நியாயம்தான், ‘அந்தப் பையன்’ என்பதிலும் ஒற்று கேட்கிறதே. அதனால்தான் ‘எதை?’ என்ற கேள்வி முதல் வரியில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ‘அந்த’ பதிலாக வராது, ஆகவே ஐ கிடையாது.

உன் பேரனின் ‘மழைப் பெய்தது’ இதற்கு நேர் எதிர். ஐகாரத்தைக் கண்டதும் ஒற்று போட்டுவிட்டான். இங்கேதான் வண்ணத்துக்கு உண்மையான வேலை. ‘மழை’ முழுக்க நீலம், அதில் உள்ள ஐகாரம் பெயரோடு பிறந்தது. எதைப் பெய்தது என்று கேட்க முடியாது, எது பெய்தது என்றுதான் கேட்போம். ஆரஞ்சு இல்லை, ஆகவே ஒற்று இல்லை. இது பிடிபட்டதும் ‘தோசையைத் திருப்பு’ கொடு. அதில் ‘சை’யின் குறி நீலம், ‘யை’யின் குறி ஆரஞ்சு. ஒரே சொல்லில் இரண்டு ஐகாரம், இரண்டு வண்ணம். அவனையே தீட்டச் சொல். தப்பாகத் தீட்டினால் எங்கே குழப்பம் என்று உனக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் தப்பென்று அடித்துவிடாதே. ‘ஜிகர்தண்டா குடித்தேன்’ என்று எழுதினால் அது சரி, அங்கே உருபு மறைந்து நிற்கலாம், ஒற்றும் வேண்டாம். ‘ஜிகர்தண்டாவைக் குடித்தேன்’ என்பதும் சரி. இரண்டுக்கும் நடுவில் ‘ஜிகர்தண்டாவ குடித்தேன்’ என்று நின்றால்தான் திருத்த வேண்டும்.

தேறுகிறானா என்று பார்க்க அட்டையில் செய்த சொற்களையே திரும்பக் கேட்காதே. அவற்றை மனப்பாடமாகச் சொல்லிவிடுவான். அட்டைக்கே வராத சொற்களை, வண்ணம் எதுவும் இல்லாமல், வாக்கியமாகச் சொல்லி எழுத வை. பேனாவை எடுக்குமுன் ‘எதை?’ என்று உதடு அசைகிறதா என்று பார். அசைந்தால் விதி உள்ளே போய்விட்டது. அப்போது ஆரஞ்சை விட்டுவிட்டுப் பென்சிலால் அடிக்கோடு மட்டும் போடச் சொல், பிறகு அதையும் நிறுத்து. வண்ணம் போனதும் பழையபடி ‘கதவ’ என்று வந்தால் சீக்கிரம் எடுத்துவிட்டாய் என்று அர்த்தம், திரும்பக் கொடு. பரீட்சை அறையில் ஸ்கெட்ச் பேனா கிடைக்காது, அதனால் எப்போதாவது இதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் சான்றிதழ் விஷயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு வரட்டும் என்று இருக்காமல் இப்போதே மகளை வாங்கி வைக்கச் சொல்.

சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் வருவதாக எழுதியிருந்தாய், மாடி அறை காலியாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால், பேரன் சொல்லக் கேட்டு எழுதிய பக்கம் இரண்டை, யாரும் திருத்தாமல், அப்படியே அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ‘மரத்தை’க்குப் போகலாமா என்று சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சோமு