மாட்டுக் கடனும் மாதத் தவணையும்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வயதில் முதுகலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

சுய உதவிக் குழுக்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். வரலாற்றை இரண்டு வரியில் முடித்துவிடு. 1989-இல் நம் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையை ஆரம்பித்தது. அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நீ எழுத வேண்டியது வேறு: கடன் ஒழுங்காகத் திரும்பி வருகிறது என்பதால் தொழில் நன்றாக நடக்கிறது என்று அர்த்தமில்லை. இத்தனை வருஷம் குழுக் கணக்குகளைப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 15 பேர் உள்ள குழு. வங்கி 7 சதவீத வட்டியில் 3 லட்சம் கொடுத்தது. கறவை மாடு வாங்க என்றுதான் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ஆனால் பணம் வந்ததும் ஆளுக்கு 20,000 என்று சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே அளவு சேமிக்கிறார்கள்; ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள்தான் கட்ட வேண்டும். அப்படியிருக்க ஒருத்திக்கு மட்டும் பெரிய தொகையைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் பால் தரும் நல்ல கலப்பின மாடு 60,000 ரூபாய். அந்தக் குழுவில் மாடு வாங்கிய ஒரு பெண், மீதி 40,000-ஐத் தனியார் மைக்ரோ பைனான்ஸில் 24 சதவீத வட்டிக்கு வாங்கினாள்.

வங்கியில் 7 சதவீதத்துக்கு வாங்கினாலும், குழு தன் உறுப்பினர்களிடம் வாங்கிய வட்டி 12 சதவீதம். அந்த 20,000-க்கு 24 மாதத் தவணை, மாதம் ஏறக்குறைய 940 ரூபாய். தனியார் கடனுக்கும் அதே 24 மாதம், மாதம் 2,115. இரண்டும் சேர்ந்து 3,055.

மாடு கன்று போட்ட புதிதில் நாளைக்கு 8 லிட்டர் கறந்தது. லிட்டர் 35 ரூபாய் என்றால் 280. தீவனம் 5 கிலோ, கிலோ 26 வீதம் 130. வைக்கோலும் மற்றதும் 40. மிச்சம் 110, அதாவது மாதம் 3,300. தவணை போக 245 ரூபாய்தான் கையில் நிற்கும். அவள் காலையும் மாலையும் படும் பாட்டுக்குக் கூலி இதில் இல்லை, கவனி. ஐந்தாறு மாதம் போனதும் பால் 4 லிட்டராகக் குறைந்தது. தீவனத்தை 3 கிலோவாக்கிய பிறகும் நாளைக்கு 22 ரூபாய்தான் மிஞ்சியது. அடுத்த கன்றுக்கு முன்னால் இரண்டு மாதம் பால் வற்றிவிடும். தீவனச் செலவு மட்டும் நிற்காது. தவணைத் தேதியும் தள்ளிப் போகாது.

அப்படியும் அவள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கொத்து வேலைக்குப் போனாள், நூறு நாள் வேலைக் கூலியை எடுத்தாள், அப்புறம் இன்னொரு கம்பெனியில் வாரக் கடன் வாங்கினாள். குழுப் புத்தகத்தில் வசூல் 100 சதவீதம். அந்த வரியைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு கூடுதல் கடன் தந்தார்கள். மல்லி, அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது!

இதே மாட்டுத் தொழில் வேறு விதமாக ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர்க் குழுவில், முதல் சுற்றில் நான்கைந்து பேருக்கு மட்டும் முழுத் தொகை, மற்றவர்களுக்கு அடுத்த சுற்றில் என்று முடிவு செய்தார்கள். அதற்கு மூன்று கூட்டம் சண்டை நடந்தது. கடன் வாங்கியவர்கள் முதலில் பத்து சென்ட்டில் கோ-4 தீவனப்புல் போட்டார்கள். அதனால் தீவனச் செலவு நன்றாகவே குறைந்தது. ஆறேழு மாதம் கழித்து இரண்டாவது மாடு வாங்கியவர்களுக்கு ஒன்று வற்றும்போது இன்னொன்று கறந்தது. ஆனால் இது பத்து சென்ட் நிலமும் தண்ணீரும் இருப்பவர்களுக்குத்தான். நிலமில்லாதவளுக்கு இட்லிக்கடை, காய்கறி வியாபாரம் போல தினமும் காசு புரளும் தொழில்தான் தவணைக்கு ஒத்துவரும். ஆடு வளர்ப்பவளுக்கோ மாதத் தவணையே பொருந்தாது. அவளுக்கு ஆடு விற்கும்போதுதான் பணம்.

களத்துக்குப் போனால், குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குனரிடம் தீர்மானப் புத்தகத்தையும், உறுப்பினர்களுக்குக் கொடுத்த கடனை எழுதி வைக்கும் உள்கடன் பேரேட்டையும் கேள். எல்லோர் பெயருக்கும் நேரே ஒரே தொகை இருந்தால், அந்தக் கடன் பெரும்பாலும் தொழிலுக்குப் போயிருக்காது. பிறகு உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்து, போன மாதத் தவணையை எந்தப் பணத்தில் கட்டினீர்கள் என்று கேள். கூட்டத்தில் கேட்காதே, அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் குழுக்கள் செவ்வாய்க்கிழமைதான் கூடும். வருவதாக இருந்தால் முன்னதாகவே எழுது, சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
சாந்தி