தீபாவளிப் புடவைப் படங்களை அனுப்புங்கள்

வணக்கம் அக்கா, தங்கச்சி எல்லாருக்கும். நம் சாட்ஸ்வர்த் கடையில் வாங்கிய புடவையைக் கட்டியதும் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், கடை விளக்கில் தெரியாத நிறம் அதில்தான் அடுத்தவருக்குச் சரியாகத் தெரியும். ஆனால் இங்கே வந்த படத்தை அப்படியே எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட மாட்டோம். எந்தப் படம், பெயர் போடலாமா, முகம் தெரியலாமா என்று உங்களிடம் தனியாகக் கேட்போம். "சரி" என்று எழுதி வந்தால்தான் போடுவோம், வெறும் லைக் போதாது. பக்கத்தில் மச்சினி நின்றால் அவரும் சரி சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருந்தால் பெற்றவர் சம்மதம் வேண்டும், தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டமும் பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பானது. பிறகு வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், உடனே எடுத்துவிடுவோம், ஆனால் அதற்குள் யாராவது தங்கள் போனில் சேமித்ததை எங்களால் அழிக்க முடியாது.