பனங்கட்டித் துண்டு

கொக்குவில்,
டிசம்பர் 28

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றுப் போனில் நீ கேட்டதற்குப் பதில் இது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட உனக்கும் ஒரு புதுவருடச் சபதக் கவிதை எழுதித் தரட்டாம். தரமாட்டேன். தன்னைத் தானே பகிடி பண்ணுகிற பாட்டை அப்பன் எழுதிக் கொடுத்தால் அது அப்பன் மகளை நக்கலடித்த பாட்டாகிவிடும். என்னுடையதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், உன்னுடையதை நீயே செய்.

எனக்குச் சீனி வருத்தம் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டேன், அது உண்மை. பிளேன்டீயோடு பனங்கட்டியைக் கடிக்கிறேன், அதுவும் உண்மை. பனங்கட்டியும் சீனிதான் என்று கிளினிக்கில் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தவன் நான். சபதமும் அதில் உள்ள ஓட்டையும் ஒரே கோப்பைக்குப் பக்கத்தில் இருந்ததால், வேறு பொருள் தேடவில்லை. 'உடம்பைப் பார்த்துக்கொள்வேன்' என்று பொதுவாக எழுதினால் யார் சிரிப்பார்?

முதலில் எழுதியது பதினாறு வரி. அதில் அம்மா தேத்தண்ணி போடும் விதத்தையும் இழுத்திருந்தேன். வாசித்துக் காட்டினேன். அவ சிரிக்கவில்லை, வெங்காயத்தைத்தான் உரித்துக்கொண்டிருந்தா. பகிடி என்னை விட்டு அவவிடம் தாவிவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. பதினாறையும் வெட்டி இரண்டு வரிக் குறள் வெண்பாவாக்கினேன். முதல் வரியில் நாலு சீர், இரண்டாவதில் மூன்றே சீர். இரண்டாவது வரி சட்டென்று முடிவதால் பகிடியைக் கடைசிச் சொல்லில் வைக்கலாம், அதற்குப் பிறகு விளக்கம் சொல்ல இடமே இல்லை.

முதல் வரி இப்படித்தான் வந்தது: 'சீனி வேண்டாம் தேநீரில், கையிலே'. வாய்விட்டுப் படித்துப் பார், கல்லொழுங்கையில் சைக்கிள் போவதுபோல் இருக்கும். 'சீனி' என்பது சீ, னி என்று இரண்டு நேரசை, அதாவது தேமா. இப்படியான மாச்சீருக்கு அடுத்த சீர், குறிலோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்த நிரையசையில் தொடங்கினால்தான் வெண்பா ஓடும். 'வேண்டாம்' நேரில் தொடங்குகிறது. அதுவும் தேமாதான், ஆனபடியால் அடுத்து வரும் 'தேநீரில்' மறுபடி இடிக்கிறது. இரண்டு இடத்தில் தளை தட்டிய வரியை ஒரு சின்னச் சொல் சரிப்படுத்தியது: 'இனி'. 'இனிவேண்டாம்' நிரையில் தொடங்கி மூன்றசைக் காய்ச்சீராக முடிகிறது, காய்க்குப் பிறகு நேர் வரலாம். ஓசைக்காகத் தேடிய சொல்தான், ஆனால் அது இல்லாமல் சபதமே இல்லையே. (நாங்கள் பேசுகிற 'தேத்தண்ணிக்கு' என்பதைப் போடத்தான் ஆசை. அப்படிப் போட்டால் சீர் நாலசையாக நீண்டுவிடுகிறது.)

இரண்டாவது வரி 'தேனாய்ப் பனங்கட்டி உண்டு' என்று முடிந்திருந்தது. இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் 'உண்டு' என்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைத் 'துண்டு' ஆக்கினேன். சீர் மாறவில்லை, முன்னைப்போலக் காசு வாய்பாடுதான், ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டவன் வந்துவிட்டான். அவன் அதைத் துண்டு என்று சொல்வதுதான் பகிடி. உண்மையில் அது ஓலைக் குட்டானில் பாதி.

சீனி இனிவேண்டாம் தேநீரில்; கையிலே
தேனாய்ப் பனங்கட்டித் துண்டு.

சீனி, தேனாய் என்று ‘ன’வில் எதுகை தானாக விழுந்தது. அதற்குப் பாடுபட்டேன் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ காட்டிக்கொடுக்காதே.

போன வருடப் பாட்டை இங்கே நள்ளிரவு அடித்ததும் குழுவில் போட்டேன். உங்களுக்கு அப்போது 31ஆம் திகதி பகல் ஒன்றரை, நீ வேலையில். விடிவதற்குள் விளக்குப் படங்களும் பூக்கொத்துப் படங்களும் வந்து பாட்டை மூடிவிட்டன. இந்த முறை முதலாம் திகதி காலை பத்தரைக்குப் போடுகிறேன், உங்களுக்கு அப்போது நள்ளிரவு. முழித்திரு.

உன் ஜிம் கதையில் நல்ல பொருள் இருக்கிறது. பத்து மாதமாகக் காசு கட்டுகிறாய், இரண்டு தரம் போயிருக்கிறாய். முதல் தரம் குடையை மறந்துவிட்டு வந்து, இரண்டாவது தரம் அதை எடுக்கத்தானே போனாய்? அந்தக் குடையை விடாதே. கடைசிச் சீருக்கு 'குடை' நிரையாக, மலர் வாய்பாட்டில் பொருந்தும். அதற்கு முன்னால் மாச்சீராகப் பார்த்து வை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா அலுமாரி மேல்தட்டைத் துடைக்கிறா. குட்டான் அங்கேதான் இருக்கிறது. பிறகு கதைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா